‘ஆனால்’ சரியா, ‘எனவே’ சரியா? பழவேற்காடு வகுப்பறையில் ஒரு கோடிட்ட இடம்

கீழே ஒரு கேள்வி இருக்கிறது. பதிலை மனசுக்குள் சொல்லிவிட்டுத் தொடர்ந்து படியுங்கள்.

“கடலில் அலை அதிகமாக இருந்தது. ______ அப்பா ஏரிக்குப் போனார்.” (ஆனால் / எனவே)

நகரத்தில் வளர்ந்த ஒருவருக்கு ‘ஆனால்’ என்று தோன்றலாம். அலை அதிகம் என்றால் ஆபத்து. அப்படியிருந்தும் மனுஷன் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். சரியான பதில்தானே?

இதே கேள்வியைப் பழவேற்காட்டில் ஒரு மீனவக் குப்பத்துப் பிள்ளையிடம் கொடுத்தால் கதை மாறும். அங்கே ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் ஏரி. கடல் சரியில்லாத நாளில் ஏரிப் பக்கம் போவது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த வழக்கம். அதனால் அது ‘எனவே’ என்று எழுதும். ஆசிரியரின் விடைத்தாளில் ‘ஆனால்’ என்று மட்டும் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு பூஜ்யம். இணைப்புச் சொல்லை மிகச் சரியாகப் பயன்படுத்திய பிள்ளைக்குத்தான் இந்தப் பூஜ்யம்.

‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்பது கேள்வித்தாளிலேயே சுலபமான பகுதி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எழுதுபவருக்கு வேண்டுமானால் சுலபமாக இருக்கலாம். தயாரிப்பவருக்கு அப்படி இல்லை.

ஐந்தாவது சொல்லை எடுத்துவிட்டால் போதுமா?

ஒரு பத்தியில் ஆங்காங்கே சொற்களை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் தேர்வுக்கு ‘குளோஸ்’ என்று பெயர். வில்சன் டெய்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1953-ல் இந்தப் பெயரில் அதை அறிமுகப்படுத்தினார். சுவாரஸ்யம் என்னவென்றால், அவருடைய கட்டுரை வெளியானது கல்வி இதழில் அல்ல, ‘ஜர்னலிசம் குவார்ட்டர்லி’ என்ற பத்திரிகைத் துறை ஆய்விதழில். ஒரு எழுத்து வாசகருக்கு எவ்வளவு எளிதாகப் புரிகிறது என்று அளப்பதுதான் அவருடைய நோக்கம். பிள்ளைகளுக்கு இலக்கணம் தெரியுமா என்று பார்ப்பது அல்ல. அந்த முறையில் குறிப்பிட்ட இடைவெளியில், பெரும்பாலும் ஒவ்வொரு ஐந்தாவது சொல்லாக, எடுத்துக்கொண்டே போவார்கள்.

இதைத் தமிழ் இலக்கண வினாடி வினாவுக்கு அப்படியே பயன்படுத்தினால் என்ன ஆகும்? ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் உள்ளூர் விஷயத்தை வைத்து இப்படி ஒரு பத்தி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“பழவேற்காடு ஏரியில் கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கின்றன. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடல் நீர் உள்ளே வராது. அப்போது மீனவர்களுக்கு இறால் குறைவாகவே கிடைக்கும். கரையில் காத்திருந்த பெண்கள் வெறும் கூடைகளோடு திரும்புவார்கள்.”

முதல் வாக்கியத்தைத் தொடாமல் விடுவது வழக்கம். பிள்ளைகளுக்கு விஷயம் பிடிபட வேண்டும் அல்லவா? இரண்டாம் வாக்கியத்திலிருந்து ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் எடுத்தால் போவது மூன்று சொற்கள்: நீர், இறால், பெண்கள்.

மூன்றும் வேற்றுமை உருபு ஏதும் சேராத பெயர்ச்சொற்கள். ‘கடல் ____ உள்ளே வராது’ என்ற இடத்தில் ‘மீன்’ என்று எழுதினாலும் வாக்கியம் சரி. ‘மீனவர்களுக்கு ____ குறைவாகவே கிடைக்கும்’ என்பதில் மீன், நண்டு, பணம் என்று எதைப் போட்டாலும் குற்றம் சொல்ல முடியாது. மூன்றாவதில் மட்டும் லேசாக இலக்கணம் எட்டிப் பார்க்கிறது. ‘திரும்புவார்கள்’ என்று முடிவதால் ‘பெண்’ என்று ஒருமையில் எழுதினால் தப்பு. மற்றபடி இது சொல்வளத்தையும் மீன்பிடித் தொழில் பற்றிய அறிவையும் பார்க்கும் தேர்வு. தலைப்பில் மட்டும் ‘இலக்கணம்’ என்று இருக்கும்.

சொல்லை விடுங்க, ஒட்டைப் பிடிங்க

ஆங்கிலத்தில் இந்த முறை இலக்கணத்தையும் ஓரளவு பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ‘இன்’, ‘டு’, ‘வித்’ எல்லாம் தனித்தனிச் சொற்கள். எண்ணிக்கொண்டே போனால் அவற்றில் சில மாட்டும். தமிழில் அந்த வேலையைச் செய்யும் இல், கு, ஓடு எல்லாம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆகவே இலக்கணத்தைச் சோதிக்க வேண்டும் என்றால் முழுச் சொல்லை எடுக்கக் கூடாது, வாலை மட்டும் எடுக்க வேண்டும். எந்த வால் என்பதையும் ஆசிரியரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதே பத்தியில் முயன்று பார்ப்போம். ‘முகத்துவார____ மணல் அடைத்துவிட்டால்’ என்று கேட்கலாம். எதிர்பார்க்கும் பதில் ‘முகத்துவாரத்தை’. அதாவது இரண்டாம் வேற்றுமை. ஆனால் ‘முகத்துவாரத்தில் மணல் அடைத்துவிட்டால்’ என்று ஒரு பிள்ளை எழுதினால்? அதுவும் இயல்பான தமிழ்தான். வினையை மாற்றி ‘மணல் மூடிவிட்டால்’ என்று வைத்தால் ‘முகத்துவாரத்தில்’ ஒட்டாது, ‘முகத்துவாரத்தை’தான் நிற்கும். கோட்டின் நீளத்தையோ இடத்தையோ தொடவே இல்லை. பக்கத்துச் சொல்லை மாற்றினோம், அவ்வளவுதான்.

எல்லா இடத்திலும் இப்படிச் சரிசெய்ய முடியாது. ‘மீனவர்கள்____ இறால் குறைவாகவே கிடைக்கும்’ என்பதற்கு ஆசிரியர் நினைப்பது ‘மீனவர்களுக்கு’. மீன் வாங்கி விற்கும் அம்மாவின் பிள்ளை ‘மீனவர்களிடம்’ என்று எழுதலாம். வாங்கப் போகிறவர் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் முழுக்கச் சரி. இந்த மாதிரி இடத்தில் விடைத்தாளில் இரண்டையும் எழுதிவைப்பதுதான் நியாயம். மூலத்தில் இருந்த அதே சொல்லுக்குத்தான் மதிப்பெண் என்ற கறார் டெய்லரின் வேலைக்குப் பொருந்தியது. அவர் அளந்தது எழுத்தை. வகுப்பறையில் அளக்கப்படுவது ஒரு பிள்ளை.

பேச்சுத் தமிழ் வந்து நிற்கும் இடம்

வால்களில் எதைக் கேட்பது என்பதற்கு ஒரு நல்ல வழி: பேச்சும் எழுத்தும் எங்கே பிரிகின்றனவோ அங்கே கை வைப்பது. ‘படகெல்லாம் திரும்பி வருது’ என்றுதான் வீட்டில் பேசுகிறோம். படகு ஒன்றானாலும் ஒன்பதானாலும் ‘வருது’தான். எழுதும்போது மட்டும் ‘வருகின்றன’ என்று பன்மை வேண்டும். காதில் விழாத ஒன்றைக் கையில் எழுதச் சொல்கிறோம், அதனால்தான் ‘படகுகள் வருகிறது’ என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். பெரியவர்கள் எழுதுவதில்லையா என்ன!

அப்படியானால் பத்தியின் முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிடலாமே: ‘கடல் நீரும் ஆற்று நீரும் ________ (கல).’ எதிர்பார்ப்பது ‘கலக்கின்றன’. இங்கே ஒரு தப்பிக்கும் வழி இருக்கிறது. ‘கலக்கும்’ என்று எழுதினால் யாராலும் தவறு போட முடியாது. ‘செய்யும்’ என்ற வாய்பாட்டு வினைமுற்று அஃறிணையில் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவானது. பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும், ஆனால் பன்மை விகுதி தெரியுமா தெரியாதா என்பது ஆசிரியருக்குத் தெரியாமலே போகும். ‘நிகழ்காலத்தில் எழுதுக’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

திருத்தும்போதும் இதே கவனம் வேண்டும். ‘அப்பா ஏரி____ வலை வீசினார்’ என்பதற்கு ‘ஏரியில்’, ‘ஏரிக்குள்’ இரண்டும் சரி. ‘ஏரில’ என்று ஒரு பிள்ளை எழுதினால்? வேற்றுமை சரி, எழுத்து வடிவம்தான் வரவில்லை. ‘ஏரிக்கு’ என்று எழுதிய பிள்ளையின் பிரச்னை வேறு. இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கோடு போட்டால், யாருக்கு எதைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்பது அந்தக் கோட்டுக்கு அடியிலேயே மறைந்துவிடும். ஓரத்தில் ‘பே’ என்று ஒரு எழுத்து குறித்துவைத்தாலே போதும்.

கேள்வியே பதிலைச் சொல்லிவிட்டால்?

“ஊருக்கு அருகே ஓர் ______ இருக்கிறது.” (தீவு / ஏரி / படகு / வலை)

‘ஓர்’ வந்துவிட்டதால் அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்க வேண்டும். நான்கில் ‘ஏரி’ மட்டும்தான் அப்படி. வாக்கியத்தைப் படிக்காமலே பதில் சொல்லிவிடலாம். ஒற்றெழுத்தும் இப்படிக் காட்டிக்கொடுக்கும். ‘அம்மா கூடை____ச் சுமந்தார்’ என்று ‘ச்’-ஐ அச்சிலேயே விட்டுவைத்து ஐ, ஆல், ஓடு என்று மூன்று தெரிவுகளைக் கொடுத்தால், வல்லினம் மிகும் இடம் தெரிந்த பிள்ளை பொருளைப் பார்க்காமலே ‘ஐ’-யைத் தட்டிவிடும். ஒற்றையும் கோட்டுக்குள் சேர்த்து மறைக்க வேண்டும். எல்லாக் கோடுகளும் ஒரே நீளத்தில் இருப்பதும் நல்லது. சின்னக் கோட்டுக்குச் சின்ன விடை என்று பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தப்பு பிள்ளையிடமா, கேள்வியிடமா?

தேர்வுக்கு முன்னால், விடைத்தாளைக் காட்டாமல், உள்ளூர்க்காரர் ஒருவரையும் வெளியூர்க்காரர் ஒருவரையும் எழுதவைத்துப் பார்ப்பது மலிவான சோதனை. இரண்டு பேரும் வேறுபடும் கேள்விகளை மட்டும் உட்கார்ந்து பேசினால் போதும்.

தேர்வுக்குப் பிறகும் ஒரு சோதனை உண்டு. வகுப்பில் முப்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பெண்ணில் மேலே இருக்கும் பத்து பேர், கீழே இருக்கும் பத்து பேர் என்று தாள்களைப் பிரித்து, ஒவ்வொரு கேள்வியிலும் எந்தக் கட்டில் எத்தனை பேர் சரி என்று எண்ண வேண்டும். நல்ல கேள்வியில் மேல் கட்டில் அதிகம் பேர் சரியாக எழுதியிருப்பார்கள். மேலே நான்கு பேர், கீழே ஆறு பேர் என்று தலைகீழாக வந்தால், பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் விடைத்தாளை ஒருமுறை பார்க்க வேண்டும். பத்து பத்து பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாதுதான். ஆனால் எந்தக் கேள்வியைச் சந்தேகப்பட வேண்டும் என்று கைகாட்ட இது போதும்.

முதல் கேள்விக்கு வருவோம். ‘எனவே’தான் சரி என்று விடைத்தாளை மாற்றிவிட்டால் வேலை முடிந்ததா? அதுவும் முடியாது. பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு வழக்கம் உண்டு. பாட்டு உரிமை உள்ள ஊர்களில் யார், எங்கே, எந்த நாளில் வலை கட்டலாம் என்பது முறைவைத்து வரும். ‘இன்னிக்கு எங்க பாடு இல்லையே, அப்புறம் எப்படி ஏரிக்குப் போவாரு?’ என்று யோசிக்கும் பிள்ளை ‘ஆனால்’ என்று எழுதும். அதுவும் சரிதான்.

இணைப்புச் சொல்லைக் கோடாக்காமல் அதை நாமே கொடுத்துவிட்டு வாக்கியத்தை முடிக்கச் சொல்வது ஒரு வழி. அதாவது ஒரே தொடக்கம், இரண்டு கேள்வி:

“கடலில் அலை அதிகமாக இருந்தது. எனவே அப்பா ____________.”

“கடலில் அலை அதிகமாக இருந்தது. ஆனால் அப்பா ____________.”

இரண்டிலும் ‘ஏரிக்குப் போனார்’ என்றே எழுதினாலும் தனித்தனியாகப் பார்த்தால் தப்பில்லை. அதனால் ‘இரண்டு விடைகளும் வேறுவேறாக இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ‘எனவே அப்பா ஏரிக்குப் போனார், ஆனால் அப்பா கடலுக்கே போனார்’ என்று எழுதும் பிள்ளைக்கு இரண்டு சொல்லின் வேலையும் தெரிந்திருக்கிறது. திருத்த நேரம் கூடுதலாகும். முப்பது தாளுக்கு, தாளுக்கு இரண்டு வாக்கியம் என்றால், அறுபது வாக்கியங்களை ஆசிரியர் படித்தாக வேண்டும்.