தனிவியாபாரமா, பங்குடைமையா, கம்பனியா? உடையார்கட்டுக் கடையொன்றின் கணக்கு

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவைத் தாண்டினால் உடையார்கட்டு. நெல், தென்னை, அதோடு கச்சான். மீள்குடியேறிய பிறகு இங்கே பலசரக்குக் கடை போட்ட ஒருவர், தோட்டக்காரரிடம் கச்சான் வாங்கிக் கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவுக்கு ஏற்றத் தொடங்கினார். அவருடைய வரவு செலவை நான் சில வருடங்களாகப் பார்த்து வருகிறேன். பெயர் வேண்டாம், தொகைகளையும் சற்று மாற்றித்தான் எழுதுகிறேன். போன போகத்துக்கு முதல் அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணை, எல்லாரும் கம்பனி பதியச் சொல்லினம். பதியத்தான் வேணுமோ?"

அவருடைய நிலைமை இது. கடையும் சரக்கும் ஒரு பழைய லொறியும் சேர்ந்து சொந்த முதல் 30 இலட்சம். வவுனியாவில் இருக்கும் மச்சான் ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் 20 இலட்சம் கொடுத்திருந்தார். "லாபத்திலை பாதி" என்று வாய்ப்பேச்சு. கடிதம் ஒன்றும் இல்லை. தோட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டியது சராசரியாக 25 இலட்சம். கொழும்பு வியாபாரிகளிடமிருந்து வர வேண்டியதும் ஏறத்தாழ அவ்வளவுதான். வருடத்து லாபம் 40 இலட்சம். பதிவு என்று இருப்பது புதுக்குடியிருப்புப் பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டும், அதுவும் அவருடைய தனிப் பெயரில்.

வியாபாரப் பெயர்ப் பதிவைப் பலர் ஒரு பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அது பெயருக்குப் பின்னால் நிற்கிற ஆள் யார் என்று ஊருக்குச் சொல்லும் அறிவித்தல், அவ்வளவுதான். அந்தப் பத்திரத்தைக் காட்டி வங்கியில் கடையின் பெயரில் நடைமுறைக் கணக்குத் திறக்கலாம். ஆனால் கடையின் கடன் அவருடைய கடன். கொழும்புக்காரர் கொடுத்த 18 இலட்ச ரூபாய்ச் செக் திரும்பினால், தோட்டக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியது கடையல்ல, அவர்தான். கடைச் சரக்கு போதாவிட்டால் லொறி, மனைவியோடு சேர்ந்து தேடியது, எல்லாம் கணக்குக்கு வரும்.

இதை நான் சொன்னபோது அவர் பெரிதாக அசையவில்லை. "அது தெரிஞ்சதுதானே" என்றார். மச்சானைப் பற்றிச் சொன்னபோதுதான் பேனையை எடுத்தார்.

வவுனியா மச்சான் தன்னைப் பங்காளி என்று நினைக்கவில்லை. காசு கொடுத்து உதவியவர் என்றுதான் நினைத்துக் கொண்டிருந்தார். இலங்கையில் பங்குடைமைக்கு என்று தனியான முழுச் சட்டம் ஒன்று இல்லை. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியாக ஆங்கிலச் சட்டமே வருகிறது. அதாவது நடைமுறையில் இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டம். அதன்படி ஒருவர் வியாபாரத்தின் லாபத்தில் பங்கு வாங்குவது, அவர் பங்காளி என்பதற்கு முதற்தோற்றச் சான்று. மறுக்கலாம், ஆனால் மறுத்துக் காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது. பங்காளி என்று தீர்ந்தால் அவருடைய பொறுப்பு கொடுத்த 20 இலட்சத்தோடு நிற்காது. வியாபாரத்தின் கடன் முழுவதற்கும் வவுனியா வீடும் பதில் சொல்ல வேண்டி வரும்.

இதோடு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் ஆயிரம் ரூபாயைத் தாண்டிய பங்குடைமை எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பங்காளிகளுக்கிடையே அது செல்லாது. ஆயிரம் ரூபாய்! இன்றைக்கு ஒரு மூட்டை கச்சானுக்கும் காணாது. ஆகவே கிராமத்துப் பங்குடைமை எதுவும் இதற்கு வெளியே இல்லை. ஆனால் அதே பிரிவு வெளியாருக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது: கடன் கொடுத்த மூன்றாம் ஆள், எழுத்து இல்லாவிட்டாலும் வாய்ச் சாட்சியத்தால் பங்குடைமையை நிரூபித்து வழக்காடலாம்.

இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கடன்காரர் வந்தால் மச்சான் பங்காளி. லாபத்தில் பாதி கேட்டு மச்சான் நீதிமன்றம் போனால் அங்கே பங்குடைமை இல்லை. சுமை உண்டு, உரிமை இல்லை. வன்னியில் நான் பார்த்த வாய்ப்பேச்சுக் கூட்டுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கின்றன. 2009இல் கணக்குக் கொப்பியும் உறுதியும் தொலைத்த சனம், கடதாசியை விடச் சொல்லை நம்புவதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் சட்டம் அந்தச் சொல்லைக் கேட்பது ஒரு பக்கத்துக் காதால் மட்டும்.

நம் வாசகர்களில் வட்டி வேண்டாம் என்று முழாரபா முறையில் காசு கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். முழாரபாவில் முதல் போட்டவருக்கு நட்டம் வந்தால் போட்ட முதல் போகும். உழைத்தவருக்கு உழைப்புப் போகும். முதலுக்கு மேல் அவரிடம் எவரும் கேட்பதில்லை என்பதே இருவருடைய எண்ணமும். வெறும் வாய்ப்பேச்சில் விட்டால், மேலே சொன்ன சட்டம் அந்த எல்லையைக் காணாது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது: லாபத்துக்கேற்ப மாறும் பங்கைப் பெறுவதாகக் காசு கொடுப்பவர், அந்த உடன்பாடு எழுத்தில் இருந்து இரு பக்கமும் கையெழுத்திட்டிருந்தால், அதனால் மட்டும் பங்காளி ஆகமாட்டார். ஒரு நிபந்தனை: வியாபாரி நொடித்துப் போனால் மற்றக் கடன்காரருக்கெல்லாம் கொடுத்த பிறகே இவருக்கு. முதல் போட்டவர் நட்டத்தைத் தாங்குவது என்ற எண்ணத்துக்கு இது முரணும் இல்லை. ஆனால் சட்டம் இதைக் கடன் என்ற கண்ணாலேயே பார்க்கிறது. ஆகவே வாசகத்தை மார்க்கமும் சட்டமும் தெரிந்த இருவரிடமும் காட்டி எழுதுவது நல்லது.

சரி, மச்சானை முறையாகப் பங்காளியாக்கினால்? எழுதாமல் விட்டவற்றைச் சட்டம் தானே நிரப்பும். அது நிரப்பும் விதம் ஊர் நியாயத்தோடு ஒத்துப் போகாது. ஒருவர் 30, மற்றவர் 20 போட்டிருந்தாலும் லாபமும் நட்டமும் சரிபாதி. விடிய நாலு மணிக்கு லொறி ஏற்றுகிறவருக்குச் சம்பளம் இல்லை. ஒருவர் மௌத்தானால் பங்குடைமை கலைந்துவிடும். அப்போது மற்றவர் எதிர்கொள்வது மச்சானை அல்ல, வாரிசுகளை. முஸ்லிம் ஒருவர் மரணசாசனம் இல்லாமல் இறந்தால் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் இறங்குரிமைச் சட்டப்படி பங்கு. வடக்குத் தமிழர் என்றால் தேசவழமை. எப்படியானாலும் போகத்தின் நடுவில் சரக்கைக் கணக்கெடுத்துப் பிரிக்கச் சொல்லி ஒரு குடும்பம் கேட்டால் கொள்முதல் நிற்கும். ஆகவே பங்குடைமை எழுதுகிறவர்கள் லாப விகிதத்தோடு மூன்று விடயங்களையாவது எழுதட்டும்: உழைக்கிறவரின் மாதக் கொடுப்பனவு, இறந்தவரின் பங்கை எந்தக் கணக்கில் மதித்து எத்தனை தவணையில் கொடுப்பது, தனியே கடன் வாங்க ஒருவருக்குள்ள உச்சத் தொகை.

இனிக் கம்பனி. இதன் வேர் ஒரு சப்பாத்துக் கடையில் இருக்கிறது. லண்டனில் ஆரோன் சலமன் என்பவர் தன் சப்பாத்து வியாபாரத்தை 1892இல் கம்பனியாக்கினார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையது. மிச்சம் ஆறும் மனைவி மக்களுக்கு. கம்பனி சீக்கிரமே நொடித்தது. கடன்காரர்கள் "கம்பனியும் இவரும் ஒன்றுதான்" என்றார்கள். 1896இல் பிரபுக்கள் சபை, இல்லை, கம்பனி வேறு ஆள், அதன் கடனை அதனிடமே கேளுங்கள் என்று தீர்த்தது. எங்கள் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும் இதே அடித்தளத்தில் நிற்கிறது. ஒரே ஒருவரும் கம்பனி அமைக்கலாம். தனியார் கம்பனியில் பங்குதாரர் 50 பேருக்கு மேல் போகக்கூடாது, பங்கைப் பொதுமக்களுக்கு விற்கக்கூடாது. பதிவு இப்போது இணையத்திலேயே நடக்கிறது. பெயரை அங்கீகரித்துக் கொண்டு, பணிப்பாளரின் சம்மதமும் செயலாளரின் சம்மதமும் அமைப்பு விதிகளும் கொடுக்க வேண்டும்.

மச்சானுக்கு இது பொருந்துகிறது. 20 இலட்சத்துக்குப் பங்கு எடுத்தால், போனால் அந்த 20 இலட்சம்தான் போகும். வட்டியும் இல்லை, வந்தால் பங்கிலாபம். அவர் இறந்தால் பங்குதான் வாரிசுகளுக்குப் போகுமே தவிர லொறி நிற்காது. (வெளிநாட்டில் இருப்பவர் பங்கு எடுப்பதென்றால் கதை வேறு. அதற்கென்ற உள்முக முதலீட்டுக் கணக்கின் ஊடாகக் காசு வர வேண்டும். சில்லறை வியாபாரத்துக்குத் தனிக் கட்டுப்பாடும் உண்டு.)

ஆனால் கடைக்காரருக்கு? வங்கி சும்மா விடாது. சிறிய கம்பனிக்குக் கடன் கொடுக்கும்போது பணிப்பாளரின் தனிப்பட்ட பிணைக் கையெழுத்தைக் கேட்கும். கையெழுத்து வைத்த அன்றே அந்தக் கடனுக்கு சலமன் வழக்கு உதவாது. கம்பனி என்ற சுவர் தோட்டக்காரர், மொத்த வியாபாரி போன்றவர்களுக்கு முன்னால்தான் நிற்கும். அந்தத் தோட்டக்காரர்களோ பக்கத்து வளவுச் சனம். சட்டம் விட்டாலும் அவர்களுக்குக் கொடுக்காமல் உடையார்கட்டில் கடை திறக்க முடியாது என்று அவரே சொன்னார்.

காணியும் இருக்கிறது. கடை நிற்கும் நிலம் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணி. வன்னியில் மிகப் பலருக்கு அப்படித்தான். அதை நினைத்தபடி கம்பனியின் பெயருக்கு மாற்ற முடியாது. ஆகவே கம்பனி பதிந்தாலும் அதன் பெயரில் சரக்கும் லொறியும்தான் இருக்கும்.

வரிக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். 2025/26 வரி ஆண்டில் தனியாளுக்கு முதல் 18 இலட்சம் விடுபடும். மிச்சம் 22 இலட்சத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த ஐந்துக்கு 18, அதற்கடுத்த ஐந்துக்கு 24, கடைசி இரண்டுக்கு 30. எல்லாம் சேர்த்து 3,30,000 ரூபாய். கம்பனியானால் அந்த விடுபாடு கம்பனிக்கு இல்லை. பொதுவான வீதம் 30. அவர் மாதம் 2 இலட்சம் சம்பளம் எடுத்தால் கம்பனி 16 இலட்சத்துக்கு 4,80,000 கட்டும், அவர் தன் சம்பளத்துக்கு 36,000 கட்டுவார். 5,16,000 ஆயிற்று. மிஞ்சியதைப் பங்கிலாபமாக எடுத்தால் அதில் இன்னொரு 15 வீதம் கழியும். செயலாளர், கணக்காய்வாளர், வருடாந்த அறிக்கை என்ற செலவுகள் வேறு. லாபம் ஏற ஏறத் தனியாளின் மேல்வீதம் 36 வரை போகும்; காசை எடுக்காமல் வியாபாரத்திலேயே விடுகிறவருக்கு ஒரு கட்டத்தில் கம்பனி மலிவாகலாம். 40 இலட்சத்தில் அந்தக் கட்டம் வரவில்லை.

கடைசியில் அவர் தனிவியாபாரமாகவே இருந்தார். மச்சானோடு லாபத்துக்கேற்ற பங்கு என்று சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு எழுதி, இருவரும் கையெழுத்திட்டார்கள். பாதி என்றிருந்தது மூன்றில் ஒன்றாயிற்று. மச்சான் தானாகவே குறைத்தார். இரண்டாவது லொறி, கொழும்புக்கு வெளியே புது ஆட்களுக்குக் கடன் விற்பனை, உழைக்காமல் முதல் மட்டும் போடும் இன்னும் இரண்டு பேர் என்று இவற்றில் இரண்டு வந்தால் கம்பனி பதிவதென்று பேசி வைத்திருக்கிறோம்.

அப்படிப் பதியும் நாளில் செய்ய வேண்டியதையும் குறித்துக் கொடுத்தேன். சரக்கையும் லொறியையும் விலை எழுதிக் கம்பனிக்கு மாற்ற வேண்டும். பழைய கடன் பழைய ஆளோடுதான் நிற்கும். கம்பனி பதிந்ததால் அது தானாக மாறாது. கொள்முதல் துண்டு, செக் புத்தகம், கடைப் பலகை எல்லாவற்றிலும் கம்பனியின் முழுப் பெயரும் "பிரைவேட் லிமிட்டட்" என்ற வாலும் இருக்க வேண்டும். பழைய துண்டிலேயே தொடர்ந்து எழுதிக் கொடுத்தால், தோட்டக்காரர் தான் கடன் கொடுத்தது கம்பனிக்கல்ல, இந்த ஆளுக்குத்தான் என்று சொல்வார். அவரிடம் அச்சடித்த பழைய துண்டுக் கட்டுகள் இன்னும் பதினாறு இருக்கின்றன.