வெள்ளிக்குள் பதில் கேட்கும் ஆஃபர்

புதன்கிழமை மாலை ஆஃபர் லெட்டர் வருகிறது. வெள்ளி மாலை ஆறு மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்று அதன் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறது. ஆனால் நாம் உண்மையில் ஆசைப்படும் இன்னொரு நிறுவனத்தில் கடைசி ரவுண்டு அடுத்த திங்கள்தான். சென்னையிலும் கோவையிலும் ஐ.டி. வேலை மாறுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். கையில் இருப்பது போய்விடுமோ என்று பயந்து உடனே சம்மதிப்பவர்கள் உண்டு. எச்.ஆரின் போனை எடுக்காமலே வெள்ளிக்கிழமையைக் கடத்தப் பார்ப்பவர்களும் உண்டு. நேராக அவகாசம் கேட்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கேட்டால் ஆஃபரே ரத்தாகிவிடும் என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை? சட்டப்படி பார்த்தால், ஆஃபர் லெட்டர் ஒரு முன்மொழிவு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்குப் பொருந்தும். குறித்த கெடுவுக்குள் ஏற்காவிட்டால் முன்மொழிவு காலாவதியாகும். ஏற்பதானால் நிபந்தனை எதுவும் இல்லாமல் முழுமையாக ஏற்க வேண்டும். “பதினான்கு லட்சம் கொடுத்தால் சேர்கிறேன்” என்று எழுதினால் அது ஏற்பு ஆகாது, எதிர் முன்மொழிவு ஆகிவிடும். அதோடு பழைய ஆஃபரும் விழுந்துவிடும். “புதன்கிழமை வரை நேரம் தர முடியுமா?” என்று கேட்பது அப்படி அல்ல. அது வெறும் விசாரிப்பு. ஆஃபர் அப்படியே நிற்கும். அதனால் அவகாசம் கேட்கும் கடிதத்தில் சம்பளப் பேச்சைக் கலக்கவே கூடாது. கூட்டிக் கேட்க வேண்டியிருந்தால் அதைத் தனியாக, வேறொரு நாளில் பேசலாம்.

சட்டத்தின் இன்னொரு பக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் சம்மதம் சொல்லி அனுப்பும் வரை, ஆஃபரைத் திரும்பப் பெறும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கிறது. “புதன் வரை வைத்திருக்கிறோம்” என்று எச்.ஆர். சொன்னாலும், அந்த வாக்குக்கு ஈடாக நாம் எதுவும் கொடுக்காதவரை அது சட்டப்படி அவர்களைக் கட்டாது. நடைமுறையில் சொன்ன வாக்கைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறார்கள். இருந்தாலும் இந்தச் சிறு அபாயத்தைத் தெரிந்துகொண்டே கேட்க வேண்டும். இப்போதைய வேலையில் பேப்பர் போடாமல் இருப்பதும் இதற்காகத்தான்.

இனி எச்.ஆர். எதற்குப் பயப்படுகிறார் என்று பார்ப்போம். நம் ஐ.டி. துறையில் நோட்டீஸ் பீரியட் அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று நீள்கிறது. ஆஃபரை ஏற்றுக்கொண்டவர் அந்த இரண்டு மூன்று மாதத்தில் வேறு இடத்தில் கூடுதலாகக் கிடைத்தது என்று கடைசி வாரத்தில் வராமல் போவது அங்கே வாடிக்கை. அப்படி ஒருவர் ‘டிராப்’ ஆனால் தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிராஜெக்ட் மேனேஜரின் கோபமும் எச்.ஆர். மேல்தான் விழும். ஆகவே நான்கைந்து நாள் தாமதம் அவருக்குப் பெரிய பிரச்சினை இல்லை. இந்த ஆள் நிஜமாக வருவாரா, ஜாயினிங் டேட் தள்ளிப்போகுமா என்பவைதான் அவருடைய கவலை. நம் கோரிக்கை இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆஃபர் வந்தது 4-ஆம் தேதி, புதன். கெடு 6-ஆம் தேதி, வெள்ளி. வேலையில் சேரச் சொல்லியிருப்பது ஆஃபர் வந்த நாளிலிருந்து 70-ஆவது நாள். நம் பெண்ணின் நோட்டீஸ் பீரியட் 60 நாள். அவர் 11-ஆம் தேதி, அடுத்த புதனன்று பேப்பர் போட்டாலும் 67-ஆவது நாளில் விடுபட்டுவிடுவார். மூன்று நாள் மிச்சம். அதாவது, பதிலைத் தள்ளிப்போட்டாலும் சேரும் நாள் தள்ளாது. எச்.ஆர். கேட்க விரும்பும் வாக்கியம் இதுதான்.

ஆனால் அவருக்குப் போன் போடுவதற்கு முன்னால், இரண்டாவது நிறுவனத்துக்குப் போட வேண்டும். இந்த வரிசையைத்தான் நிறையப் பேர் மாற்றிவிடுகிறார்கள். முடிவு எப்போது வரும் என்று தெரியாமல் “கொஞ்சம் டைம் வேணும்” என்று முதல் இடத்தில் கேட்டால், எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. வியாழன் காலையிலேயே இரண்டாவது இடத்தில், “எனக்கு வேறொரு ஆஃபர் எழுத்தில் வந்திருக்கு. திங்கள் ரவுண்டு முடிஞ்சா செவ்வாய் சாயங்காலத்துக்குள்ள முடிவு தெரியுமா?” என்று கேட்கலாம். அங்கே உண்மையில் நம்மை விரும்புகிறார்களா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். சம்பளச் சீட்டுகளைக் கேட்பது, ரவுண்டை வெள்ளிக்கே முன்னால் கொண்டுவருவது, முடிவுக்கு ஒரு தேதி சொல்வது எல்லாம் நல்ல அடையாளங்கள். “பிராசஸ் போயிட்டிருக்கு, சொல்றோம்” என்ற பதில் மட்டும் வந்தால், அதை நம்பி முதல் இடத்தில் அவகாசம் கேட்பதில் பயனில்லை என்பதே என் கருத்து.

தேதி கிடைத்த பிறகு முதல் நிறுவனத்துக்குப் பேச வேண்டும். வெள்ளி மாலை ஐந்தரைக்கு அல்ல, வியாழனன்றே. கெடு முடியும் நேரத்தில் கேட்டால் சாக்குச் சொல்வது போலத் தெரியும். பேச்சு இந்த அளவு இருந்தால் போதும்:

“மேடம், ஆஃபர் லெட்டர் கிடைச்சுது, ரொம்ப நன்றி. உங்க டீமோட வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. ஏற்கெனவே தொடங்கின இன்னொரு இன்டர்வியூ கடைசிக் கட்டத்துல இருக்கு, செவ்வாய்க்கிழமை முடிஞ்சிடும். 11-ஆம் தேதி புதன் மதியம் பன்னிரண்டு மணிக்குள்ள உறுதியான பதில் சொல்லிடறேன். நான் சேர்றதா இருந்தா, நீங்க சொன்ன ஜாயினிங் டேட்ல ஒரு நாள்கூடத் தள்ளாது.”

இரண்டாவது நிறுவனத்தின் பெயரையும் அங்கே பேசிய தொகையையும் சொல்லத் தேவையில்லை. கேட்டால், “அதைச் சொல்றது சரியா இருக்காது மேடம்” என்று மரியாதையாக மறுக்கலாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம் என்று பொய்க்காரணம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நாளைக்கு அதே இடத்தில் சேர்ந்தால் அந்தப் பொய்யையும் சுமந்துகொண்டுதான் வேலை பார்க்க வேண்டியிருக்கும். போனில் சரி என்று சொன்னதும், பேசியதை இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்பி, புதிய கெடுவை உறுதிசெய்து பதில் தரும்படி கேட்க வேண்டும். ஆன்லைனில் சம்மதம் பதிவுசெய்யும் பக்கம் வெள்ளி மாலையோடு மூடிக்கொள்ளுமானால், அதையும் நீட்டச் சொல்ல வேண்டும். வாய்மொழி அனுமதி இருந்தும், அந்தப் பக்கம் மூடிவிட்டதால் திரும்ப ஒப்புதல் வாங்க அலைய நேரிடலாம்.

“இப்போ அக்செப்ட் மட்டும் பண்ணிடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று எச்.ஆரே சொல்வதுண்டு. அப்படி ஒப்புக்கொண்டு இன்டர்வியூவைத் தொடர்வதும், பிறகு வராமல் போவதும் பலர் செய்வதுதான். ஆனால் நம்மைப் பரிந்துரைத்த நண்பர் அங்கே வேலை பார்க்கிறார் என்றால், அவருடைய அடுத்த பரிந்துரைக்கு மதிப்பு இருக்காது. அக்செப்ட் என்பது வாக்கு. கொடுக்கும் எண்ணம் இல்லாதபோது கொடுக்கக் கூடாது.

எச்.ஆர். முடியாது என்றும் சொல்லலாம். உடனே ஆள் தேவைப்படும் பிராஜெக்ட், அடுத்த ஆள் தயாராகக் காத்திருக்கிறார் என்றால் அவர் கையில் எதுவும் இல்லை. அப்போது புதனுக்குப் பதில் திங்கள் மாலை வரை கிடைக்குமா என்று ஒருமுறை கேட்கலாம். அதுவும் இல்லையென்றால், கையில் இருக்கும் ஆஃபரை இரண்டாவது இடத்தின் கனவோடு ஒப்பிடாமல், இப்போதைய வேலையோடு ஒப்பிட்டு வெள்ளிக்கிழமையே முடிவெடுக்க வேண்டும்.

அவகாசம் கிடைத்து, செவ்வாய் இரவு வரை இரண்டாவது நிறுவனம் வாய் திறக்கவில்லை என்றால்? மறுபடி நீட்டிக் கேட்கக் கூடாது. இரண்டாம் முறை கேட்டதுமே, இவர் வரமாட்டார் என்று எச்.ஆர். அடுத்த ஆளைத் தேடத் தொடங்கிவிடுவார். புதன் காலை இரண்டாவது இடத்துக்குக் கடைசியாக ஒரு போன். அதற்கும் பதில் இல்லையென்றால் பன்னிரண்டுக்கு முன் முதல் ஆஃபரை ஏற்று எழுதிவிட்டு, அன்றே இரண்டாவது இடத்துக்கு விலகிக்கொள்வதாக ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். கையெழுத்தான ஆஃபரின் பிரதி கைக்கு வந்த பிறகு பேப்பர் போடலாம்.