காலாவதிப் பட்டியல் சொல்லும் கணக்கு

நாக்பூரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திவரும் வாடிக்கையாளர் ஒருவர், புதிய கருவிகள் வாங்கக் கடன் கேட்டு அண்மையில் எங்களை அணுகினார். அவரது கூடத்தில் 400 உறுப்பினர்கள் இருந்தனர். மார்ச் மாதத்தில் 24 பேர் மட்டுமே சந்தாவைப் புதுப்பிக்கவில்லை என்பதால், இழப்பு 6 சதவீதம்தான் என்று அவர் நம்பியிருந்தார். அவரது கணினி அளித்த புதுப்பித்தல் அறிக்கையை நாங்கள் உடன் அமர்ந்து பார்த்தோம்.

முதல் பிழை வகுக்கும் எண்ணில் இருந்தது. மார்ச்சில் சந்தா முடிவடைந்தவர்கள் 60 பேர் மட்டுமே. ஏனைய 340 பேருக்கு அம்மாதத்தில் புதுப்பிக்கும் தேவையே எழவில்லை. ஆகவே 24ஐ 60ஆல் வகுத்திடல் வேண்டும். விடை 40 சதவீதம்.

ஆனால் இதுவும் இறுதி எண் அன்று. அறிக்கை ஏப்ரல் முதல் தேதியன்று எடுக்கப்பட்டது. கூடம் வழங்கும் 15 நாள் சலுகைக் காலத்தில் மேலும் 6 பேர் பணம் செலுத்தினர். உண்மையில் விலகியோர் 18 பேர். விகிதம் 30 சதவீதம். சலுகைக் காலம் முடியுமுன் எடுக்கும் அறிக்கையில், கடைசி மாதம் எப்போதும் இருப்பதைவிட மோசமாகவே தோன்றும். எனவே ஒவ்வொரு மாதத்தையும், அது முடிந்து ஒரே அளவு நாட்கள் கடந்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

அடுத்து, அந்த 60 பேரையும் திட்டவாரியாகப் பிரித்தோம். புத்தாண்டு உற்சாகத்தில் ஜனவரியில் மூன்று மாதச் சந்தா எடுத்தவர்கள் 30 பேர். அவர்களுள் 14 பேர் விலகினர். மற்றத் திட்டங்களில் இருந்த 30 பேரில் விலகியோர் நால்வரே. பழைய உறுப்பினர்கள் கூடத்தைக் கைவிடவில்லை. புத்தாண்டில் வந்தவர்களே நிலைக்கவில்லை.

இப்போது அவர், சந்தா முடிய 30 நாட்கள் இருக்கும்போதே காலாவதிப் பட்டியலை எடுக்கிறார். அதில் முடிவுத் தேதியுடன் கடைசியாக வந்த தேதியும் இடம்பெறுகிறது. இரு வாரங்களாக வராதவர்களை முதலில் தொலைபேசியில் அழைக்கிறார். முன்கூட்டியே புதுப்பித்தவரின் பழைய சந்தா பட்டியலில் தங்கிவிட்டால் அவரும் விலகியவராகக் கணக்கில் சேர்வார் என்பதால், பெயர்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறார். மாதச் சந்தாதாரர்கள் விரும்பினால் யூபிஐ ஆட்டோபே வசதியில் இணைக்கிறார். பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அவர்களுக்கு அறிவிப்புச் சென்றுவிடும்.

கடன் தொகையைத் தாமே குறைத்துக்கொண்டார். ஆண்டின் முதல் மாதங்களில் வரும் பெருந்தொகை ஏப்ரலுக்குப் பின் அப்படியே தொடராது என்பதை அறிந்து, பிந்தைய மாதங்களின் வரவைக் கொண்டே தவணையை அமைக்குமாறு எங்களிடம் கேட்டுக்கொண்டார்.