பூஜ்யம் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்

பி.காம், சி.ஏ. வகுப்புகளில் கம்பெனி வரிக் கணக்கு வரும்போது பல மாணவர்கள் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். வருமானத்தையெல்லாம் கூட்டி, பழைய நட்டத்தையெல்லாம் கழித்து, மிச்சத்துக்கு வரி போட்டுவிடுவார்கள். கூட்டலும் கழித்தலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எந்த நட்டத்தை எந்த வருமானத்தில் கழிக்கலாம் என்று சட்டம் வகுத்திருக்கிறது. அதை விட்டுவிட்டால் விடை தப்பாகிவிடும்.

வகுப்பில் கொடுக்கப்படும் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் இந்திய உற்பத்திக் கம்பெனி. நிதியாண்டு 2024-25. சலுகைகள் பலவற்றை விட்டுக்கொடுத்துவிட்டு, 22 சதவீத வரியைத் தரும் 115BAA பிரிவைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. லாப நட்டக் கணக்கில் நிகர லாபம் 40 லட்சம் ரூபாய். அதற்குள் வேறு இந்தியக் கம்பெனிகளிடமிருந்து வந்த டிவிடெண்ட் 6 லட்சமும் அடங்கியிருக்கிறது. அந்தப் பங்குகளை வாங்கக் கடன் வாங்கியதற்கான வட்டி ஒன்றரை லட்சம், செலவாக எழுதப்பட்டிருக்கிறது. முந்தைய ஆண்டுகளிலிருந்து 50 லட்சம் வியாபார நட்டமும், கழிக்க முடியாமல் நின்றுபோன தேய்மானம் 1 லட்சமும் பாக்கி. இந்த ஆண்டு கம்பெனி தன் பங்குதாரர்களுக்கு இரண்டரை லட்சம் டிவிடெண்ட் கொடுத்திருக்கிறது.

முதல் வேலை, 40 லட்சத்தைச் சட்டம் ஏற்கும் வியாபார வருமானமாக மாற்றுவது. கணக்குப் புத்தகத்தில் செலவு என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. வருமான வரிக்காக ஒதுக்கிய 12 லட்சத்தைச் சட்டம் செலவாக ஏற்காது. அது லாபத்தோடு திரும்பச் சேர வேண்டும். புத்தகத்தில் போட்ட தேய்மானம் 8 லட்சத்தையும் சேர்த்துவிட்டு, வரிச் சட்டத்தின் விகிதப்படி வரும் ஒன்பதரை லட்சத்தைக் கழிக்க வேண்டும். ஒரே நாளில் ஒரே வியாபாரிக்கு ரொக்கமாகக் கொடுத்த 50,000 ரூபாயும் தேறாது. ஒருவருக்கு ஒரு நாளில் ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், சில விலக்குகள் தவிர, முழுத் தொகையும் கழிவிலிருந்து போய்விடும். ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த 3 லட்சத்தில் டி.டி.எஸ். பிடிக்கவில்லை. அதனால் 30 சதவீதம், அதாவது 90,000 ரூபாய், லாபத்தோடு சேரும். வரியைப் பிறகு கட்டினால் அந்த ஆண்டில் இது கழிவாகத் திரும்பக் கிடைக்கும்.

பி.எஃப். விஷயத்தில் நின்று கவனிக்க வேண்டும். ஊழியர்களின் சம்பளத்தில் பிடித்த 60,000 ரூபாயைக் கம்பெனி கெடுவுக்குப் பிறகு கட்டியிருக்கிறது. முதலாளி தன் பங்கைத் தாமதமாகக் கட்டினாலும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டிவிட்டால் கழிவு உண்டு. ஊழியர் பங்குக்கு அந்தச் சலுகை கிடையாது. பி.எஃப். சட்டம் சொல்லும் தேதி தாண்டினால் கழிவு நிரந்தரமாகப் போய்விடும். உயர் நீதிமன்றங்கள் நெடுங்காலம் இதில் வேறு வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்லிவந்தன. 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: அது ஊழியரின் பணம், கம்பெனி அதைப் பொறுப்பாளராக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய கைடுகளில் இன்னும் எதிர்மாறான விடை இருக்கலாம்.

பங்குக் கடனுக்கான வட்டி ஒன்றரை லட்சம் வியாபாரச் செலவு அல்ல. அதையும் லாபத்தோடு சேர்த்து, டிவிடெண்ட் பக்கம் கொண்டுபோக வேண்டும். இவையெல்லாம் சேர்ந்தால் லாபம் 63.5 லட்சம் ஆகிறது. டிவிடெண்ட் 6 லட்சத்தையும் தேய்மானம் ஒன்பதரை லட்சத்தையும் கழித்தால் வியாபார வருமானம் 48 லட்சம்.

இனி டிவிடெண்ட். 2020 ஏப்ரலுக்கு முன்னால் டிவிடெண்ட் கொடுக்கும் கம்பெனியே அதற்கான வரியைக் கட்டியது. இப்போது வாங்குகிறவர்தான் வரி கட்ட வேண்டும். அது 'பிற வருமானம்' என்ற தலைப்பில் வரும். அதற்கு எதிராகக் கழிக்க அனுமதிக்கப்பட்ட ஒரே செலவு வட்டிதான். அதுவும் டிவிடெண்டில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 6 லட்சத்தில் 20 சதவீதம் 1,20,000. ஆகவே ஒன்றரை லட்சம் வட்டியில் 30,000 ரூபாய் வீண். மீதி டிவிடெண்ட் வருமானம் 4,80,000.

பழைய நட்டம் இங்கேதான் வருகிறது. பலர் 48 லட்சத்தையும் 4.8 லட்சத்தையும் கூட்டி 52.8 லட்சம் என்பார்கள். அதில் நட்டம் 50 லட்சத்தையும் பழைய தேய்மானம் 1 லட்சத்தையும் கழித்தால் 1.8 லட்சம். கொடுத்த டிவிடெண்டுக்கான கழிவு அதையும் விழுங்கிவிடும். வரி பூஜ்யம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

முந்தைய ஆண்டுகளின் வியாபார நட்டத்தை வியாபார வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம்; டிவிடெண்டை அது தொட முடியாது. எனவே 50 லட்சத்தில் 48 லட்சம் கழிந்து வியாபார வருமானம் பூஜ்யமாகிறது. 2 லட்சம் அடுத்த ஆண்டுக்குப் போகிறது. பழைய தேய்மானத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, டிவிடெண்டிலும் கழியும். 4,80,000-ல் 1 லட்சம் போனால் 3,80,000.

வரிசையும் முக்கியம். நடப்பு ஆண்டின் தேய்மானம் முதலில், பழைய வியாபார நட்டம் அடுத்து, பழைய தேய்மானம் கடைசியில். இது கம்பெனிக்கு நன்மை தரும் வரிசை. தேய்மானத்தை முதலில் வியாபார வருமானத்திலேயே கழித்துவிட்டால், டிவிடெண்டுக்கு எதிராகக் கழிக்க எதுவும் மிஞ்சாது. வரி ஏறத்தாழ 25,000 ரூபாய் கூடிவிடும்.

கடைசியாக 80M பிரிவு. ஒரே டிவிடெண்டுக்குக் கம்பெனி கம்பெனியாக வரி விழாமல் காப்பது இது. வாங்கிய டிவிடெண்டில், கம்பெனி தானும் பங்குதாரர்களுக்குக் கொடுத்த அளவு கழியும். ரிட்டர்ன் கெடுவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்திருக்க வேண்டும். இங்கே இரண்டரை லட்சம் கழிந்து, வரி விதிக்க வேண்டிய வருமானம் 1,30,000 ஆகிறது.

22 சதவீதத்தில் வரி 28,600 ரூபாய். 115BAA-வில் வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 10 சதவீத சர்சார்ஜ் உண்டு, அது 2,860. இரண்டும் சேர்ந்த 31,460-க்கு 4 சதவீத செஸ் போட்டு முழுமைப்படுத்தினால் 32,720 ரூபாய். இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்ததால் புத்தக லாபத்தின் மேல் வரும் குறைந்தபட்ச மாற்று வரி, அதாவது மேட், இங்கே கிடையாது. மாணவர் விடையில் அதைப் பற்றி ஒரு வரி எழுதினால் திருத்துபவருக்குத் திருப்தி.

இன்னும் மிச்சமிருக்கும் 2 லட்சம் நட்டத்தின் கதை தனி. அது 2021-22 மதிப்பீட்டு ஆண்டின் நட்டம் என்றால், அதற்கு அடுத்த எட்டு மதிப்பீட்டு ஆண்டுகள், 2029-30 வரை, உயிரோடு இருக்கும். நட்டம் வந்த ஆண்டின் ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால்தான் இந்த உரிமை. தேய்மானத்துக்கோ காலக்கெடு கிடையாது. சில பேர் கையில் பங்குகள் அடங்கிய தனியார் கம்பெனியில், வாக்குரிமையில் 51 சதவீதமாவது நட்டம் வந்தபோது இருந்தவர்கள் கையிலேயே நீடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. விதிவிலக்குகள் சில இருக்கின்றன. கேள்வியில் பங்கு கைமாறியது பற்றி ஒரு சொல் வந்தால், அதைச் சும்மா போட்டிருக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி போட்டது. 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன. எனவே தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கள் பாடத்திட்டம் எந்த ஆண்டுச் சட்டத்தைக் கேட்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.