மீந்த சப்பாத்தியில் மொறுமொறு சிப்ஸ்

இரவு சுட்ட சப்பாத்தியில் நாலு மீந்துவிட்டால் காலையில் அது தோல் மாதிரி விறைத்துக் கிடக்கும். சூடுபண்ணினால் கொஞ்ச நேரம் மெத்தென்று இருக்கும், ஆறியதும் பழையபடி ஆகிவிடும். குஜராத்திகள் இதோடு போராடுவதில்லை. மீந்த ரொட்டியைக் கல்லில் போட்டு, சிறு தீயில் அழுத்தி அழுத்தி வாட்டி, காக்ரா ஆக்கிவிடுவார்கள். நாம் செய்யப்போகும் சிப்ஸும் அதே வழிதான், துண்டுபோட்டுச் செய்கிறோம் என்பது மட்டுமே வித்தியாசம்.

இதற்குப் புதுச் சப்பாத்தியைவிடப் பழையதே தோது. சுட்ட சூட்டில் உள்ளே ஆவி நிற்கும், வெட்டினால் நசுங்கும். ஓர் இரவு கழிந்தால் மாவு இறுகிவிடுவதால் கத்தரிக்கோல் சுத்தமாக வெட்டும். ஆனாலும் சப்பாத்திக்குள் ஈரம் நிறையவே மிச்சம் இருக்கும். அதை வெளியேற்றுவதுதான் வேலையே. சிவக்க வைப்பது அதற்குப் பிறகு. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் இந்த வரிசை தலைகீழாகும்: வெளியே சிவந்து, உள்ளே ஈரம் தங்கி, கடித்தால் ஜவ்வாக இழுபடும்.

அதனால்தான் மெல்லிசாக வெட்டச் சொல்கிறார்கள். ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டைபட்டையாக வெட்டினால் போதும். முக்கோணம் பார்க்க அழகு, ஆனால் கூர்முனை முதலில் கருகும், நடுப்பகுதி கடைசியில்தான் காயும். அகலத்தைவிடத் தடிமன் முக்கியம். நன்றாக உப்பிய சப்பாத்தி என்றால் ஓரத்தில் நகத்தால் கீறி, மேல் தோலையும் கீழ்த் தோலையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். அந்த ஒற்றைத் தோலில் வரும் மொறுமொறுப்பு அப்பளத்துக்குச் சளைத்ததல்ல. பிரித்ததையும் பிரிக்காததையும் மட்டும் ஒரே தட்டில் கலக்காதீர்கள். ஒன்று கருகும்போதுதான் மற்றது காயவே தொடங்கும்.

நாலு சப்பாத்திக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். துண்டுகளை அகலமான பாத்திரத்தில் போட்டு, எண்ணெயும் கால் டீஸ்பூன் உப்பும் சேர்த்துக் கையால் பிசிறுங்கள். மாவிலேயே உப்பு இருந்தால் அதையும் குறையுங்கள். எண்ணெய் விட்டுச் சுட்ட சப்பாத்திக்கு மறுபடி எண்ணெய் வேண்டாம். மிளகாய்த்தூளை இப்போது போடக்கூடாது, அது சப்பாத்திக்கு முன்னால் கருகிக் கமறும். இறக்கியதும் சூட்டோடு தூவினால் ஒட்டிக்கொள்ளும்.

ஓவனை 160 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்பி நடு அடுக்கில் வையுங்கள். எட்டு நிமிடத்தில் திருப்பிவிட்டு, இன்னும் நாலைந்து நிமிடம். ஒற்றைத் தோலாக இருந்தால் ஐந்தாம் நிமிடத்திலிருந்தே கண் அங்கேயே இருக்கட்டும். ஓவன் இல்லையென்றால் கனமான தோசைக்கல்லும் சிறு தீயும் போதும். மடித்த துணியால் அழுத்தி, அடிக்கடி புரட்டி, எட்டுப் பத்து நிமிடம் வாட்ட வேண்டும். கல் நடுவில்தான் அதிகம் காயும் என்பதால் ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருங்கள்.

நிறம் பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோதுமைச் சப்பாத்தி ஏற்கெனவே பழுப்பு, போதாததற்கு முதல் நாள் கல் போட்ட புள்ளிகள் வேறு. அந்தப் புள்ளிகளைப் பார்த்து 'சிவந்துவிட்டது' என்று இறக்கக்கூடாது. புள்ளிகளுக்கு இடையில் வெளுப்பாக இருக்கும் இடத்தையும் வெட்டிய ஓரத்தையும் பாருங்கள். முதலில் வெளுப்பு மங்கி, ஈரப்பளபளப்பு போய், உலர்ந்த வைக்கோல் நிறம் வரும். அடுத்து ஓரம் மட்டும் பொன்னிறமாகும். அதுதான் இறக்கும் நேரம். நடுவும் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் தட்டின் சூட்டிலேயே அது இன்னொரு படி கறுத்துக் கசக்கும். பால் அல்லது சர்க்கரை சேர்த்துப் பிசைந்த மாவானால் ஒன்றிரண்டு நிமிடம் முன்னதாகவே சிவக்கும்.

சூடாக இருக்கும்போது கடித்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஆறினால்தான் விறைக்கும். ஒரு துண்டை மட்டும் வெளியே எடுத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டு உடையுங்கள். படக்கென்று முறிந்தால் சரி, வளைந்தால் மிச்சத்துக்கு இன்னும் சில நிமிடம் தேவை.

இளஞ்சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்து நமுத்துவிடும். நன்றாக ஆறிய பிறகு இறுக்கமான சம்படத்தில் போட்டால் நாலைந்து நாள் தாங்கும். நமுத்துப் போனாலும் கவலையில்லை, 120 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் திரும்ப மொறுமொறுக்கும். சிக்கு வாடை வந்ததற்கு மட்டும் வைத்தியம் கிடையாது. உருளைக்கிழங்கு வைத்த பரோட்டாவையும் இதில் சேர்க்காதீர்கள், அதன் பூரணத்தில் இருக்கும் ஈரம் எவ்வளவு வாட்டினாலும் முழுசாகப் போகாது.