நாசில் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது?

தீயணைப்புக் குழாயின் நுனியில் நாசிலைப் பிடித்து வைத்திருப்பது ஒரு கப்ளிங். தண்ணீர் சீறிப் பாயும்போது அந்தக் கப்ளிங் எவ்வளவு விசையைத் தாங்குகிறது? விடை நியூட்டனின் இரண்டாம் விதியில்தான் இருக்கிறது. ஆனால் அந்த விதி, குறிப்பிட்ட ஒரு பொருளைப் போகுமிடமெல்லாம் பின்தொடரச் சொல்கிறது. இயந்திரவியலில் அந்தப் பொருளுக்கு ‘அமைப்பு’ என்று பெயர். நாசிலுக்குள் நுழைந்த தண்ணீரோ கண்ணிமைப்பதற்குள் வெளியேறிவிடுகிறது. நமக்கு வேண்டியது நாசிலின் கணக்கு, ஓடிப்போன தண்ணீரின் கணக்கு அல்ல.

இரண்டையும் இணைக்கும் தேற்றத்துக்கு மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸின் பெயர். 1903-இல் வெளியான அவரது நூலில் அது இருக்கிறது. அந்த நூல் பேசுவது குழாய்களைப் பற்றியல்ல, பிரபஞ்சத்தின் நுண்ணமைப்பைப் பற்றி!

நாசிலைச் சுற்றிக் கற்பனையாக ஓர் எல்லை வரைவோம். அதனுள் அடங்கும் இடம்தான் கட்டுப்பாட்டுக் கனஅளவு. இந்தக் கணத்தில் அதற்குள் இருக்கும் தண்ணீரை அமைப்பாகக் கொள்வோம். நொடியின் சிறு பங்கு கழிந்ததும், அமைப்பின் முன்பகுதி வெளியே நீண்டிருக்கும். அது காலி செய்த பின்பகுதியில் புதுத் தண்ணீர் புகுந்திருக்கும். ஆகவே அமைப்பிடம் இப்போது இருப்பது: எல்லைக்குள் இருப்பது, கூட்டல் வெளியேறியது, கழித்தல் உள்ளே வந்தது. இதிலிருந்து பழைய அளவைக் கழித்து, நேரத்தால் வகுத்து, அந்த நேரத்தைச் சுழியை நோக்கிச் சுருக்கினால்:

dB/dt = d/dt ∫βρ dV + ∫βρ (v·n) dA

இடப்பக்கம் அமைப்புக்குரியது. முதல் தொகையீடு எல்லைக்குள் சேர்வது. இரண்டாவது எல்லையைக் கடப்பது. β என்பது ஒரு கிலோவுக்கான B. B நிறையானால் β = 1; நிறை அழியாததால் இடப்பக்கம் சுழி. B உந்தமானால் β = v; இடப்பக்கம் மொத்த விசை.

இனி எண்கள். குழாயின் விட்டம் 63 மி.மீ., நாசில் வாய் 20 மி.மீ., பாய்வது நொடிக்கு 10 லிட்டர். ஓட்டம் சீரானது, ஆகவே எல்லைக்குள் எதுவும் சேர்வதில்லை. நிறைச் சமன்பாட்டின்படி தண்ணீர் நொடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் நுழைந்து 31.8 மீட்டர் வேகத்தில் வெளியேறும். உந்தத்தின் அதிகரிப்பு 10 × 28.6 = 286 நியூட்டன்.

பலர் இங்கேயே நிறுத்திவிட்டு, நாசில் 286 நியூட்டனால் பின்னோக்கித் தள்ளப்படுகிறது என்பார்கள். அளவும் தவறு, திசையும் தவறு. எல்லை குழாயை வெட்டும் இடத்தில் அழுத்தம் இருக்கிறதே! உராய்வை விட்டுவிட்டால் அது வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறத்தாழ 5 பார் அதிகம்; குழாயின் பரப்பில் அது தரும் விசை 1,560 நியூட்டன், முன்னோக்கி. தண்ணீருக்குத் தேவை 286 மட்டுமே. மிச்சமான சுமார் 1,270 நியூட்டனை நாசில் சுவர் எதிர்த்துத் தாங்குகிறது. அதாவது தண்ணீர் நாசிலை முன்னோக்கித் தள்ளுகிறது. கப்ளிங் அதை இழுத்துப் பிடிக்கிறது.

அப்படியானால் வீரர் பின்னோக்கித் தள்ளப்படுவது ஏன்? தரையிலிருந்து செங்குத்தாக எழுந்து அவர் கையில் வளையும் குழாயையும் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். நுழைவாயில் அழுத்தம் இப்போது மேல்நோக்கியே தள்ளும். தாரையின் திசையில் உதவாது. உள்ளே வரும் உந்தத்துக்கும் அந்தத் திசையில் பங்கில்லை. எஞ்சுவது 10 × 31.8 = 318 நியூட்டன், ஏறத்தாழ 32 கிலோ எடைக்குச் சமம், பின்னோக்கி. இரண்டு விடையும் சரியே. எல்லை எங்கே குழாயை வெட்டுகிறது என்பதை முதலில் வரையாமல் எந்த விடையையும் நம்பாதீர்கள்.