நாற்பதில் தரவுத் துறை: பத்து மாதக் கணக்கு

புக்கிட் பெருந்துங்கிலிருந்து தினமும் கோலாலம்பூருக்குப் போய்வரும் நாற்பது வயதுக்காரருக்கு, வாரத்தில் 8 மணி நேரம் படிக்கக் கிடைத்தாலே பெரிது. அதனால் 'மூன்றே மாதத்தில் டேட்டா அனலிஸ்ட்' விளம்பரங்களை நான் நம்புவதில்லை. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ நூறு மணி நேரம்தான் தேறும்.

எக்செலுக்கு 2 மாதம், எஸ்.கியூ.எல்.லுக்கு 4 மாதம் வையுங்கள். அடுத்த 4 மாதம் data.gov.my தளத்தின் PriceCatcher விலைத் தரவோடு மல்லுக்கட்டுங்கள். உலு சிலாங்கூர் கடைகளில் கோழி விலை எப்படி மாறியது என்று தேடலாம். விலைக் கோப்பில் பொருளின் பெயரோ கடையின் பெயரோ இருக்காது. item_code, premise_code எண்கள்தான். பெயர்களுக்குத் தனி அட்டவணைகள் உண்டு. இரண்டையும் இணைத்ததும் வரிசைகளை எண்ணுங்கள். கூடியிருந்தால் ஏதோ ஒரு எண் அட்டவணையில் இருமுறை வந்திருக்கிறது. குறைந்திருந்தால் சில எண்களுக்குப் பெயரே இல்லை. இதை விளக்கத் தெரிந்தபின் விண்ணப்பியுங்கள். அதுவரை இப்போதைய வேலையை விடவேண்டாம்.